டாலரில் வந்த வருமானம்: வரிக்கு எந்தத் தேதி ரேட்?

கேள்வி: "கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இரண்டு அமெரிக்க நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் வேலை செய்து தருகிறேன், ஃப்ரீலான்ஸ்தான். பில் எல்லாம் டாலரில். ஒரு நிறுவனம் நேராக என் பேங்க் அக்கவுண்டுக்கு அனுப்புகிறது. இன்னொன்று ஒரு பிளாட்ஃபார்ம் வழியாகத் தருகிறது, அதில் கொஞ்சம் டாலராகவே கிடக்கிறது. முன்பு வேலை பார்த்த கம்பெனியின் அமெரிக்க ஷேர் கொஞ்சம் இருக்கிறது, டிவிடெண்டும் வருகிறது. ரிட்டர்ன் போடும்போது பில் தேதி ரேட்டா, பணம் வந்த தேதி ரேட்டா, மார்ச் 31 ரேட்டா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்."

உங்களிடம் ஆளுக்கு ஒன்று சொன்னவர்கள் எல்லோருமே ஓரளவு சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவரவர் வேறு வேறு வகை வருமானத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசியதால்தான் குழப்பம். எந்தத் தேதி என்பதை வருமான வரி விதிகள் டாலரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. அந்தப் பணம் எந்தத் தலைப்பில் வரிக்கு வருகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்கின்றன. சம்பளத்துக்கு ஒரு தேதி, தொழில் வருமானத்துக்கு வேறொன்று, டிவிடெண்டுக்கு இன்னொன்று. உங்களுக்குத் தொழில், டிவிடெண்ட் என்று இரண்டு இருப்பதால் ஒரே ரிட்டர்னில் இரண்டு விதமான தேதி வரத்தான் செய்யும். நான் வரி ஆலோசகராக இருக்கிறேன். உங்களைப் போன்ற கணக்குகள் ஒவ்வொரு ஜூலையிலும் மேஜைக்கு வருகின்றன, அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். இங்கே நான் குறிப்பிடும் எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1962ஆம் ஆண்டு விதிகளையும் சேர்ந்தவை. 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்கு 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்துவிடுவதால், அதற்கான ரிட்டர்ன் போடும்போது புதிய விதிகளின் எண்ணையும் வாசகத்தையும் ஒரு முறை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வேண்டியது விதி 115. அது முதலில் எந்த ரேட் என்று சொல்கிறது, பிறகு எந்தத் தேதி என்று சொல்கிறது. ரேட்டில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் பையிங் ரேட், அதாவது தந்தி வழியாக வரும் வெளிநாட்டுப் பணத்தை அந்த வங்கி உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும் விலை. எங்கள் தொழிலில் இதைச் சுருக்கமாக "டிடி பையிங்" என்போம். தமிழில் எழுதினால் டிமாண்ட் டிராஃப்டும் அதே டிடிதான் என்பதால் புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் முதல் வாரம் தடுமாறுவார்கள். உங்கள் அக்கவுண்ட் எந்த வங்கியில் இருந்தாலும் சரி, விதியின்படி மாற்றும்போது ஸ்டேட் பேங்க் ரேட்தான். கூகுளில் தேடினால் வருவது இது அல்ல. எஃப்பிஐஎல் தினமும் வெளியிடும் ரெஃபரன்ஸ் ரேட்டும் இது அல்ல. அவை சந்தையின் நடு விலையை ஒட்டியவை. வங்கி வாங்கும் விலை பொதுவாக அதைவிடக் கீழே இருக்கும். ஆகவே கூகுள் ரேட்டைப் போட்டவர் தன் வருமானத்தைத் தானே கூட்டிக் காட்டிக்கொள்கிறார்.

இனி தேதி. தொழில் வருமானத்துக்கு விதி குறிப்பிடும் தேதி நிதியாண்டின் கடைசி நாள், மார்ச் 31. வீட்டு வாடகைக்கும், டிவிடெண்ட், செக்யூரிட்டிகளின் வட்டி ஆகியவை நீங்கலான இதர வருமானத்துக்கும் அதே தேதிதான். "மார்ச் 31 ரேட்" என்று உங்களிடம் சொன்னவர் இந்த வரியைப் படித்திருக்கிறார். ஆனால் அதே விதியின் இரண்டாம் உட்பிரிவை அவர் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். அந்தப் பணம் மார்ச் 31க்கு முன்பே அந்நியச் செலாவணிச் சட்டப்படி இந்தியாவுக்குள் வந்துவிட்டால் முதல் உட்பிரிவு பொருந்தாது என்கிறது அது. (விதியின் வாசகத்தில் இன்னும் 1973ஆம் ஆண்டின் பழைய ஃபெரா சட்டத்தின் பெயர்தான் இருக்கிறது. அதன் இடத்தில் ஃபெமா வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது, பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. நடைமுறையில் எல்லோரும் ஃபெமா என்றே படிக்கிறோம்.)

அப்படியென்றால் டிசம்பரில் வந்துவிட்ட டாலருக்கு என்ன ரேட்? விதி அதைத் தனியாகச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. வங்கி மாற்றி உங்கள் கணக்கில் வைத்த ரூபாய் எவ்வளவோ அதுதான் வருமானம். கற்பனையாக ஒரு ரேட்டைப் போட்டுக் கணக்கிட வேண்டிய நிலையே அங்கே இல்லை. மார்ச் 31 ரேட் என்பது அன்றைக்கும் ரூபாயாக மாறாமல் வெளியே நிற்கும் பணத்துக்காக வைத்த தேதி. இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் பில்களில் பெரும்பாலானவை தானாகவே தீர்ந்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ரேட்டுகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, உண்மையான நாளின் ரேட்டுகள் அல்ல. அந்த ஆண்டு மார்ச் 31க்கான ஸ்டேட் பேங்க் ரேட் 85.20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு மூன்று பில்.

முதல் பில் 4,000 டாலர். டிசம்பர் 10 அன்று அனுப்பினீர்கள், 22 அன்று நேராக வங்கிக்கு வந்துவிட்டது. உங்கள் வங்கி டாலருக்கு 84.10 கொடுத்தது, ஆக 3,36,400 ரூபாய். அதில் 500 ரூபாய் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியுமாக 590 பிடித்துக்கொண்டு 3,35,810 வரவு வைத்தது. இங்கே வருமானம் 3,36,400. பில் தேதி ரேட்டையும் மார்ச் 31 ரேட்டையும் பார்க்க வேண்டாம். 590 ரூபாய் செலவு. பலர் பாஸ்புக்கில் விழுந்த தொகையையே வரவாக எடுத்துவிடுகிறார்கள், அது தவறு. பிடித்தம் போவதற்கு முன்னால் உள்ள தொகையை எடுத்து, பிடித்ததைச் செலவில் காட்ட வேண்டும். நீங்கள் 44ஏடிஏ பிரிவின்படி மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டுபவராக இருந்தால் மீதிப் பாதிக்குள்ளேயே எல்லாச் செலவும் அடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்போது இந்த 590ஐத் தனியாகக் கழிக்க முடியாது, ஆனால் மொத்த வரவில் அது இருந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது பில் 3,000 டாலர். பிப்ரவரியில் வேலை முடிந்து, வாடிக்கையாளர் பிளாட்ஃபார்மில் செலுத்திவிட்டார். நீங்கள் இழுக்காமல் விட்டதால் மார்ச் 31 அன்றும் அங்கேயே டாலராகக் கிடக்கிறது. ஏப்ரல் 6 அன்றுதான் வங்கிக்கு மாற்றுகிறீர்கள். இந்த வருமானம் பிப்ரவரியிலேயே உங்களுடையதாகிவிட்டது. "இன்னும் ரூபாய் கைக்கு வரவில்லையே" என்று இதை அடுத்த ஆண்டுக்குத் தள்ள முடியாது, பிளாட்ஃபார்மில் உங்கள் பெயரில் வரவானதும் அது உங்களுக்குக் கிடைத்த பணம்தான். ஆனால் இந்தியாவுக்குள் வரவில்லை. ஆகவே இதற்கு மார்ச் 31 ரேட்: 3,000 பெருக்கல் 85.20, அதாவது 2,55,600 ரூபாய். ஏப்ரல் 6 அன்று வங்கி 84.90 கொடுத்து 2,54,700 வரவானால், குறைந்த 900 ரூபாய் அடுத்த ஆண்டின் செலாவணி நஷ்டம். பழைய ஆண்டின் கணக்கைத் திறந்து திருத்தக் கூடாது.

மூன்றாவது பில் 2,500 டாலர். மார்ச் 20 அன்று அனுப்பியது, பணம் ஏப்ரல் 9 அன்று வருகிறது. இங்கேதான் நீங்கள் எந்த முறையில் கணக்கு வைக்கிறீர்கள் என்ற கேள்வி எழுகிறது. பில் போட்ட அன்றே வருமானம் என்று எழுதுபவரானால் இது பழைய ஆண்டின் வருமானம், மார்ச் 31 ரேட்டில் 2,13,000 ரூபாய். ஏப்ரல் 9 அன்று 86.10 வீதம் 2,15,250 வந்தால், கூடுதலான 2,250 அடுத்த ஆண்டில் செலாவணி லாபமாக விழும். பணம் வந்தால்தான் வருமானம் என்று எழுதுபவரானால் பழைய ஆண்டில் இந்தப் பில்லே கிடையாது. முழு 2,15,250ம் அடுத்த ஆண்டின் வருமானம், அதுவும் வங்கி கொடுத்த ரூபாயாகவே. சட்டம் இரண்டு முறைகளையும் ஏற்கிறது. ஆனால் ரேட்டைப் பார்த்து இந்த ஆண்டு ஒன்று, அடுத்த ஆண்டு இன்னொன்று என்று தாவுவதை ஏற்காது.

முதல் முறைப்படி மொத்தம் 8,05,000 ரூபாய். எல்லா டாலரையும் கூட்டி மார்ச் 31 ரேட்டால் பெருக்கியிருந்தால் 9,500க்கு 8,09,400 வந்திருக்கும். வித்தியாசம் 4,400 ரூபாய். இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். இவ்வளவுதான். உங்கள் அளவிலான வருமானத்துக்கு ரேட் தேதித் தவறால் பெரும் வரி இழப்பு வந்து நான் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம், அதிகாரி "இந்த எண் எங்கிருந்து வந்தது" என்று கேட்கும்போது பதில் இல்லாமல் விழிப்பதைத்தான். ஒரு பில்லுக்கு கூகுள் ரேட், இன்னொன்றுக்கு வங்கி ரேட், மூன்றாவதற்கு நினைவில் இருந்த ரேட் என்று போட்டவர்கள்தான் அப்படி மாட்டிக்கொள்கிறார்கள்.

"பில் தேதி ரேட்" என்று உங்களிடம் சொன்னவர் அநேகமாக ஜிஎஸ்டி பார்க்கும் ஆளாக இருப்பார். ஜிஎஸ்டி விதி 34 சேவைகளுக்கு வேறு அளவுகோல் வைத்திருக்கிறது: சேவை வழங்கிய நேரம் என்று சட்டம் கருதும் தேதியில், பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கியல் முறைப்படியான ரேட். பில்லை உரிய காலத்துக்குள் போட்டு, பணம் அதற்குப் பிறகு வந்திருந்தால் அது பில் தேதிதான். ஆகவே நீங்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்தவரானால், மூன்றாவது பில்லை மார்ச் 20 ரேட்டில், 86.00 என்று வைத்தால் 2,15,000 ரூபாயாக அங்கே காட்டியிருப்பீர்கள். வருமான வரியில் அதே பில் 2,13,000. இரண்டும் சரி. இரண்டையும் ஒன்றாக்கப் போய் எதையாவது திருத்தாதீர்கள். பில் வாரியாக டாலர், ஜிஎஸ்டி ரூபாய், வருமான வரி ரூபாய், வித்தியாசம் என்று ஒரு தாள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டர்ன்ஓவரும் பொருந்தவில்லையே என்று கடிதம் வந்தால் அந்தத் தாளே பதில்.

அடுத்து டிவிடெண்ட். இதற்கு மார்ச் 31க்கு வேலையே இல்லை. டிவிடெண்ட் அறிவிக்கப்பட்ட, பகிரப்பட்ட அல்லது கொடுக்கப்பட்ட மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள் ரேட் என்கிறது விதி. ரூபாய் உங்கள் கைக்கு வந்ததா, அமெரிக்க புரோக்கரிடமே கிடக்கிறதா என்பது பொருட்டில்லை. முன்னே சொன்ன "இந்தியாவுக்குள் வந்துவிட்டால்" என்ற விலக்கும் இதற்குக் கிடையாது, அது மார்ச் 31 வகைக்கு மட்டும். செப்டம்பர் 18 அன்று 120 டாலர் டிவிடெண்ட் வந்தது, அமெரிக்காவில் 25 சதவீதம், அதாவது 30 டாலர் பிடித்துக்கொண்டு 90 டாலர் வரவானது என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 31 ரேட் 83.00 என்றால் இங்கே காட்ட வேண்டிய வருமானம் 120 டாலருக்கான 9,960 ரூபாய். 90 டாலரை மட்டும் காட்டுவதுதான் இந்த இடத்தில் நடக்கும் வழக்கமான தவறு. அங்கே பிடித்த 30 டாலரை இங்கே உங்கள் வரியில் கழித்துக்கொள்ள விதி 128 இருக்கிறது. அந்த விதியும் வெளிநாட்டில் வரி பிடித்த மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள் ரேட்டைத்தான் கேட்கிறது. ஆக அதே 83.00, 2,490 ரூபாய். அதைக் கேட்டுப் பெற ஃபார்ம் 67 ஆன்லைனில் போட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

டிவிடெண்டில் இன்னொரு பொறி உண்டு. அமெரிக்க புரோக்கர் தரும் 1042-S படிவம் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்குமானது. அதில் உள்ள மொத்த டாலரை அப்படியே ஒரு ரேட்டால் பெருக்கினால் இரண்டு தவறு சேர்ந்துவிடும்: ரேட் தவறு, ஆண்டும் தவறு. ஜனவரி முதல் மார்ச் வரை வந்தது நமக்கு முந்தைய நிதியாண்டு. ஆகவே புரோக்கர் தளத்தில் இருந்து தேதி வாரியான ஸ்டேட்மெண்டை இறக்கி, காலாண்டுக்கு ஒரு டிவிடெண்ட் என்றால் நான்கு வரி, நான்கு ரேட் என்று தனித்தனியாகப் போடுங்கள்.

இதுவரை சொன்னதில் எனக்குத் தயக்கம் இல்லை. இனிச் சொல்வதில் விதியின் வாசகமே இரண்டு பக்கமும் இழுக்கிறது.

டிவிடெண்ட் ஜூலையில் அறிவிக்கப்பட்டு செப்டம்பரில் கொடுக்கப்பட்டால் ஜூன் 30 ரேட்டா, ஆகஸ்ட் 31 ரேட்டா? "அறிவித்த, பகிர்ந்த அல்லது கொடுத்த" என்று மூன்றையும் விதி அடுக்கி வைத்திருக்கிறது, எது முந்தியது என்று சொல்லவில்லை. நான் கொடுத்த மாதத்தை எடுத்துக்கொள்கிறேன். வெளிநாட்டு வரிக்கான விதி 128ம் பிடித்த மாதத்தையே பார்ப்பதால், வருமானத்துக்கும் அதில் பிடித்த வரிக்கும் ஒரே ரேட் அமைகிறது, கணக்கும் கோணாமல் நிற்கிறது. அறிவித்த மாதத்தை எடுப்பவரைத் தவறு என்று சொல்ல மாட்டேன், ஆண்டுதோறும் அதையே செய்தால் போதும்.

இரண்டாவது சந்தேகம், இந்தியாவிலேயே டாலராக வைத்திருக்கும் இஇஎஃப்சி கணக்கு. உங்களிடம் அது இருப்பதாகச் சொல்லவில்லை, ஆனால் வங்கியில் யாராவது திறக்கச் சொல்லுவார்கள். பணம் இந்தியாவுக்குள் வந்துவிட்டது, ஆனால் ரூபாயாக மாறவில்லை. அப்படியானால் மார்ச் 31 ரேட் பொருந்தாது, அதற்குப் பதில் எது என்று விதியில் இல்லை. வரவான நாளில் வங்கியின் வாங்கும் விலையில் வருமானத்தை எழுதி, பின்னால் ரூபாயாக மாற்றும்போது வரும் வித்தியாசத்தைத் தனியாகக் காட்டுவது என் வழக்கம். ஒரு மாதம் அந்தக் கணக்கில் சேர்ந்ததை அடுத்த மாதக் கடைசிக்குள், வேறு தேவைக்குப் போனது நீங்கலாக, ரூபாயாக மாற்ற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதனால் வித்தியாசம் பெரிதாக வளர வழியில்லை.

மூன்றாவதுதான் பணம் அதிகம் புரளும் இடம்: ஷேரை விற்கும்போது. விற்ற மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள் ரேட் என்று விதி சொல்கிறது. ஆனால் அந்த ரேட்டால் பெருக்க வேண்டியது எதை? டாலரில் வந்த லாபத்தையா? அல்லது விற்ற விலையை மட்டும் பெருக்கி, வாங்கிய விலைக்கு வாங்கிய காலத்து ரூபாயை எடுத்துக் கழிக்க வேண்டுமா? டாலர் 70 ரூபாயாக இருந்தபோது 100 டாலருக்கு வந்த ஷேரை, டாலர் 85 ஆன பிறகு அதே 100 டாலருக்கு விற்றால் முதல் முறையில் லாபம் பூஜ்யம், இரண்டாவது முறையில் 1,500 ரூபாய். "வருமானத்தை மாற்றும் ரேட்" என்றுதான் விதி சொல்கிறது, வருமானம் என்றால் லாபம்தானே என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள், வாதத்தில் வலுவும் இருக்கிறது. ஆனால் உங்களுடையது கம்பெனி ஊழியருக்குக் கொடுத்த ஷேராக இருந்தால், அது உங்கள் கைக்கு வந்த அன்றே அதன் மதிப்பு ரூபாயில் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வந்திருக்கும். அந்த ரூபாய் மதிப்பையே சட்டம் வாங்கிய விலையாக எடுத்துக்கொள்கிறது. அதனால் உங்கள் விஷயத்தில் இரண்டாவது முறைதான் நியாயமாகப் படுகிறது. பழைய ஃபார்ம் 16ஐயும் அதோடு வந்த 12பிஏ தாளையும் தேடி எடுத்து வையுங்கள். விற்கும்போது அவை வேண்டும்.

இந்த ஷேர் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு விஷயமும் மாறுகிறது. வெளிநாட்டுச் சொத்து வைத்திருப்பவர் ஐடிஆர் 4 போட முடியாது. 44ஏடிஏ படி வருமானம் காட்டினாலும் ஐடிஆர் 3 தான். அதில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை ஒன்று வரும், அது கேட்பது நிதியாண்டை அல்ல, டிசம்பர் 31ல் முடியும் ஆண்டை. ரேட் அதே ஸ்டேட் பேங்க் டிடி பையிங், ஆனால் தேதிகள் வேறு: ஷேர் வந்த நாள், மதிப்பு உச்சத்தில் இருந்த நாள், டிசம்பர் 31. மார்ச் 31 ரேட்டை அங்கே கொண்டுபோய்ப் போடாதீர்கள்.

கடைசியாக, இந்த ரேட்டை எங்கே எடுப்பது. ஸ்டேட் பேங்க் தன் தளத்தில் அன்றன்றைய ஃபாரெக்ஸ் கார்டை பிடிஎஃப் ஆகப் போடுகிறது. அடுத்த நாள் அதே இடத்தில் புதிய கார்டு வந்து உட்கார்ந்துவிடும், பழையதைத் தேடினால் சிரமம். எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு மாதக் கடைசி வேலை நாளிலும் அந்த பிடிஎஃப்பை இறக்கி, தேதியிட்டு ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுவது ஒரு ஆளின் வேலை. நீங்களும் அப்படியே செய்யுங்கள், வருடத்துக்குப் பன்னிரண்டு கோப்புதான். விட்டுப் போனதைத் தனியார் தளங்கள் சிலவற்றில் இருந்து எடுக்கலாம், ஆனால் கார்டின் பிரதியே இருக்கும் தளமாகப் பாருங்கள், வெறும் எண் மட்டும் இருந்தால் நம்பி எடுக்காதீர்கள்.

கார்டைத் திறந்தால் ஒரு நாணயத்துக்கு எதிரே பல பத்திகள் இருக்கும். உங்களுக்கு வேண்டியது `TT BUY`. பக்கத்தில் `BILL BUY`, `CN BUY` என்று மற்ற பத்திகளும் இருக்கும், கடைசியில் சொன்னது கையில் கொண்டுவரும் நோட்டுக்கான விலை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளரின் வருடக் கணக்கு முழுவதையும் நான் அந்த நோட்டுப் பத்தியைப் பார்த்துப் போட்டு முடித்தேன். வருமானம் கொஞ்சம் குறைந்து வந்தது, அவருக்கு மகிழ்ச்சிதான். என் சீனியர் கார்டை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அந்தப் பத்தியின் தலைப்பை மட்டும் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தார். ஜப்பானிய யென்னில் பில் போடுபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும், கார்டில் அது 100 யென்னுக்கான விலை.

மாதக் கடைசி நாள் விடுமுறையாகிவிட்டால் என்ன செய்வது என்று விதி சொல்லவில்லை. 2024 மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை, அதற்கு இரண்டு நாள் முன்புதான் பெரிய வெள்ளி. அப்படிப்பட்ட ஆண்டில் அந்தத் தேதிக்கு முன் கடைசியாக வெளியான கார்டை எடுப்பதுதான் பொது வழக்கம், நானும் அதையே செய்கிறேன். ஏப்ரல் முதல் வாரத்துக் கார்டை எடுக்க வேண்டாம், அந்த நாள் அடுத்த நிதியாண்டில் இருக்கிறது.

ரேட் கார்டோடு சேர்த்து, ஒவ்வொரு வரவுக்கும் வங்கி தரும் இன்வர்ட் ரெமிட்டன்ஸ் அட்வைஸையும் வாங்கி வையுங்கள். டாலர் எவ்வளவு, எந்த ரேட், எவ்வளவு ரூபாய், எந்தத் தேதி என்பது அதில்தான் இருக்கும். பிளாட்ஃபார்மில் இருந்து வரும் பணத்துக்கு அந்தத் தாள் தானாக வராது, அவர்கள் தளத்தில் கேட்டு எடுக்க வேண்டும். அதோடு மார்ச் 31 அன்று இரவே பிளாட்ஃபார்மின் டாலர் இருப்பை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பில்லின் 3,000 டாலர் அன்றைக்கு வெளியேதான் இருந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கப்போகும் நேரடிச் சான்று அதுதான்.